அச்சத்தில் சுழலும் தலை

அச்சம் மனத்தில் தோன்றினாலும் அதன் அறிகுறிகள் உடலிலேயே முதலில் வெளிப்படுகின்றன. நெஞ்சு படபடத்தலையும் உள்ளங்கை வியர்த்தலையும் அச்சத்தின் அடையாளங்களாக எளிதில் இனங்காண்கிறோம். ஆனால், தலை கிறுகிறுப்பதையும், சுற்றியுள்ளவை கண்ணாடிக்கு அப்பால் இருப்பனபோல் தோன்றுவதையும் அவ்வாறு இனங்காண்பதில்லை. ‘மயங்கி விழுந்துவிடுவோமோ, அறிவு பிறழ்கிறதோ’ என்றே அஞ்சுகிறோம். இவ்வுணர்வுகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்பதற்கான காரணம் நம் மூச்சிலேயே இருக்கிறது.

தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் பெறும் மாணவி ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். முதல் வினாவே அவளுக்குப் புதிதாகத் தெரிகிறது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 16 முறை மூச்சுவிடும் அவள், தன்னையறியாமலே 25 முறைக்கு மேல் மூச்சுவிடத் தொடங்குகிறாள். ஓடுவதற்கு ஆயத்தமாகும் உடலின் செயல் இது. அவள் உண்மையில் ஓடினால் தசைகள் மிகுதியான கார்பன் டைஆக்சைடை உண்டாக்கும், விரைந்த மூச்சு அதனை வெளியேற்றும், கணக்கு நேராகிவிடும். அவளோ அசையாமல் அமர்ந்திருக்கிறாள். எனவே, உண்டாவதைவிட வெளியேறுவது மிகுகிறது.

கார்பன் டைஆக்சைடு வெறும் கழிவு என்று எண்ணுவது முழு உண்மையன்று. மூளையின் இரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்குண்டு. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் இயல்பாக ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அது 25 ஆக இறங்கினால் குழாய்கள் சுருங்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும். ஓரிரு நிமிடங்களில் அம்மாணவிக்குத் தலை இலேசாகிறது, எழுத்துகள் மங்குகின்றன. இரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடுவதால் விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. காற்று போதவில்லை என்னும் உணர்வும் எழுவதால் அவள் இன்னும் ஆழமாக மூச்சை இழுக்கிறாள். சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. குறைந்திருப்பது ஆக்சிஜன் அன்று. அவள் தேடும் மருந்தே நோயை வளர்க்கிறது.

அப்போதுதான் ‘இங்கு நடப்பது கனவு போல இருக்கிறது, என் கை வேறு யாருடையதோ போலத் தெரிகிறது’ என்னும் விலகல் உணர்வு தோன்றுகிறது. பேரச்சத்தின்போது மூளை உணர்ச்சியின் வேகத்தைத் தணித்துக்கொள்வதால் இவ்வாறு நேர்கிறது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இவ்விடத்தில் ‘போல’ என்னும் உவம உருபைக் கவனியுங்கள். உலகம் மாறிவிட்டது என்று அவள் நம்பவில்லை. மாறியதுபோல் தோன்றுவதை அறிந்திருக்கிறாள். தோற்றத்தையும் உண்மையையும் பிரித்தறியும் இவ்வாற்றல் சிதைவதே அறிவுப்பிறழ்வு. அவளிடம் அது சிதையவில்லை.

மயங்கி விழுவதும் அரிதே. பொதுவாக இரத்த அழுத்தம் திடீரென வீழும்போதே மயக்கம் நேரிடுகிறது. அச்சத்திலோ அது உயர்கிறது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டு அஞ்சுவோர் இதற்கு விலக்கு. அவர்களுக்கு அழுத்தம் முதலில் உயர்ந்து பின்னர்ச் சட்டென இறங்குவதால் உண்மையாகவே மயக்கம் வரலாம். அவர்கள் உடனே படுத்துக்கொள்வது நன்று.

அம்மாணவி செய்யத்தக்கது யாது? ‘ஆழமாக மூச்சு விடு’ என்று அருகிலிருப்போர் கூறும் அறிவுரை இங்குப் பொருந்தாது. ஆழமன்று, மெதுவே வேண்டும். மூக்கின்வழி 4 நொடிகள் மென்மையாக உள்ளிழுத்து, 6 நொடிகள் வெளிவிட்டால் நிமிடத்திற்கு 6 மூச்சுகளே ஆகும். சில நிமிடங்களில் கார்பன் டைஆக்சைடு இயல்பு நிலையை நெருங்கும். கிறுகிறுப்பு முதலில் தணியும். விலகல் உணர்வு சற்றுப் பிந்தியே அகலும். காகிதப் பையை முகத்தில் பொருத்தி மூச்சுவிடும் பழைய முறையை இக்கால மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. மூச்சிரைப்பு ஆஸ்துமாவாலோ இதய நோயாலோ வந்திருந்தால், பையினுள் குறையும் ஆக்சிஜன் உயிருக்கே ஊறு செய்யும்.

எல்லாத் தலைச்சுற்றலையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. ஓடும்போதோ விளையாடும்போதோ நினைவிழத்தல், நெஞ்சுவலி, ஒருபக்கக் கை கால் தளர்தல், நாக்குழறுதல், திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறையே சுழல்வதுபோன்ற உணர்வு தலையைத் திருப்பும்போதெல்லாம் தோன்றினால் அது உட்செவியின் கோளாறாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருண்டால் இரத்தசோகையோ நீர்க்குறைவோ உண்டா என ஆராய்வது தகும். அச்சம் நீங்கிய பின்னும் விலகல் உணர்வு நாள்கணக்கில் நீடிப்பின் மனநல மருத்துவரிடம் அதனை உள்ளவாறே கூறலாம். அவர் அன்றாடம் கேட்டுப் பழகிய செய்திதான் அது.