கட்டுகஸ்தோட்டையிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு கேள்வி

கண்டியில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகும் இளைஞர்கள் பெரும்பாலும் பேச்சு ஆங்கிலத்தையே நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் போன்ற நிறுவனங்களில் நேர்முகமே தட்டச்சு அரட்டையாக நடந்திருக்கிறது. அதன் தலைவர் மாட் முல்லன்வெக் 2014இல் எழுதிய கட்டுரையின்படி, அதில் தேறியவர்களுக்கு மணிக்கு 25 டொலர் கொடுத்துச் சில வாரங்கள் உண்மையான வேலை தருவார்கள். இருக்கும் வேலையை விடாமல் இரவிலோ வார இறுதியிலோ அதைச் செய்யலாம்.

அந்தச் சில வாரங்களில்தான் ஆளைக் கணிக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் ஒருவர் மாலை 5 மணிக்கு, டொராண்டோவில் இருக்கும் குழுவுக்கு "படிவம் வேலை செய்யவில்லை, என்ன செய்வது?" என்று எழுதிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் டொராண்டோவில் காலை 9 மணி என்றால் கண்டியில் மாலை 6.30. "எந்தத் தொலைபேசியில்?" என்று அங்கிருந்து வரும் பதிலை இவர் மறுநாள் காலைதான் பார்ப்பார். இவர் எழுதும் விடையை அவர்கள் வாசிக்க மறுபடியும் மாலையாகிவிடும். ஒரு சின்னக் கேள்வி ஒரு நாளைத் தின்றுவிட்டது.

அதையே இப்படி எழுதலாம்: "சிறிய திரையுள்ள அண்ட்ராய்டு தொலைபேசியில் படிவத்தின் 'அனுப்பு' பொத்தான் மறைகிறது, கணினியில் தெரிகிறது. உயரத்தைக் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. பொத்தானை மேலே நகர்த்தலாம் என நினைக்கிறேன். நாளை காலை 10 மணிக்குள் (கண்டி நேரம்) மறுப்பு வராவிட்டால் அதைச் செய்துவிடுவேன்." பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. தவறான வழியென்றால் தடுக்கவும் அவகாசம் இருக்கிறது. எழுத்துத் தெளிவு என்று தேர்வாளர்கள் தேடுவது இதைத்தான். அழகான ஆங்கிலத்தை அல்ல.

நேரத்தைக் குறிப்பதில் பலர் சறுக்குகிறார்கள். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கை நேரம் மாறவில்லை, டொராண்டோவில்தான் மாறுகிறது. அதனுடனான வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை. டொராண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், பிரித்தானியா அந்த மாதக் கடைசி ஞாயிறுதான் மாற்றும். இடைப்பட்ட வாரங்களில் மூன்று ஊர்க்காரர் கூடும் சந்திப்புகள் குழம்பிப்போகும். ஆகவே "நவம்பர் 12, கண்டி மாலை 7.30, டொராண்டோ காலை 9" என்று திகதியோடு இரண்டு நேரத்தையும் எழுதுவதே பாதுகாப்பு.

"யாரும் பார்க்காதபோது எப்படி வேலை செய்வீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "நான் ஒழுங்கானவன்" என்ற பதிலை யாரும் சொல்லலாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் வேலை செய்தவர்களிடம் அதைவிட நல்ல பதில் இருக்கிறது. மின்வெட்டு அட்டவணையை முதல் நாளே பார்த்தது, இல்லாத நேரத்தைக் குழுவுக்கு முன்கூட்டி எழுதியது, இணையம் தேவையான வேலையை மின்சாரம் இருக்கும்போதே முடித்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் அடக்கம் வேண்டாம். வேலை கிடைக்க வேண்டுமென்று எந்நேரமும் விழித்திருப்பேன் என வாக்குக் கொடுப்பவர் சில வாரங்களில் களைத்துப்போவார், அது எழுத்தில் உடனே தெரிந்துவிடும். மாலை 6.30 முதல் 9 வரை டொராண்டோவோடு சேர்ந்திருப்பேன், மற்ற வேலை என் பகலில் நடக்கும் என்று முதல் அரட்டையிலேயே எழுதிவிடுங்கள்.