தவழும் குழந்தை உள்ள வீடு: தரை துடைக்க சோப்புத் தண்ணீரா, கிருமிநாசினியா?

குழந்தை தவழத் தொடங்கியதும் பல வீடுகளில் மளிகைப் பட்டியல் மாறிவிடுகிறது. அதுவரை வாரம் ஒருமுறை வாளியில் ஊற்றிய கிருமிநாசினி தினமும் ஊற்றப்படுகிறது. ஒரு மூடி போதும் என்று லேபிளில் இருந்தாலும், 'பச்சப்புள்ள இருக்கிற வீடு, இன்னொரு மூடி ஊத்தும்மா' என்று பாட்டி சொல்லிவிடுகிறார். அவரது அக்கறையில் குறையில்லை. தரையில் கை வைத்த குழந்தை அதே கையை அடுத்த நொடி வாயில் வைக்கிறது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளைக் கவனித்து எண்ணிய ஆய்வுகளின்படி, வீட்டுக்குள் இருக்கும்போது மணிக்குச் சராசரியாக 20 முறை கை வாய்க்குப் போகிறது. அப்படியானால் தரையில் இருப்பதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். அங்கே இருப்பது கிருமியாகவும் இருக்கலாம், அதைக் கொல்ல ஊற்றிய மருந்தாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

99.9 சதவீதம் எங்கே, எப்போது?

கிருமிநாசினி பாட்டில்களில் 99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது பொய்யல்ல. ஆனால் அந்த எண் சோதனைக்கூடத்தில், குறிப்பிட்ட சில கிருமிகள் மீது, குறிப்பிட்ட அளவு மருந்தை, குறிப்பிட்ட நேரம் ஈரமாக வைத்திருந்து கிடைத்தது. அந்த நேரம் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம் என்று பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அவ்வளவு நேரமும் தரை ஈரமாகவே இருந்தால்தான் மருந்து தன் வேலையை முடிக்கும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. துணியை இறுக்கிப் பிழிந்து துடைக்கிறோம். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுகிறோம். இரண்டு மூன்று நிமிடத்தில் டைல்ஸ் காய்ந்துவிடுகிறது. தரை காய்ந்தால் கிருமி அழிப்பும் பாதியில் நின்றுவிடும், மருந்து மட்டும் தரையிலேயே தங்கும்.

சரி, விதிப்படியே ஈரமாக வைத்துத் துடைத்தால்? இந்தக் கேள்விக்கான விடை 60 வருடங்களாகவே நம்மிடம் இருக்கிறது. 1966-ல் இங்கிலாந்தில் அய்லிஃப் என்ற நுண்ணுயிரியலாளரும் சக ஆய்வாளர்களும் மருத்துவமனைத் தரைகளில் இதைச் சோதித்தார்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிய தரையில் பாக்டீரியாக்கள் சுமார் 80 சதவீதம் குறைந்தன. ஃபீனால் வகை கிருமிநாசினி போட்ட தரையில் 94 முதல் 99.9 சதவீதம் வரை குறைந்தன. அந்த நிமிடத்தில் கிருமிநாசினிக்குத்தான் வெற்றி. ஆனால் சில மணி நேரத்திலேயே கிருமிநாசினி போட்ட தரையின் எண்ணிக்கை ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. காரணம் எளிது. செருப்பும் கால்களும் காற்றில் மிதக்கும் தூசியும் தரைக்குப் புதிய கிருமிகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கின்றன. காய்ந்த மருந்தால் அவற்றைத் தடுக்க முடிவதில்லை.

காலை ஒன்பது மணிக்குத் துடைத்த ஹாலில் மதியம் வரை பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிவிட்டு வரும் அக்கா எல்லோரும் நடக்கிறார்கள். மாலையில் அங்கே தவழும் குழந்தைக்குக் காலையில் எதைக் கொண்டு துடைத்தோம் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் கிடைப்பதில்லை.

காய்ந்த பின் தங்குவது

பாட்டிலில் உள்ள மருந்து எது என்பது இங்கே முக்கியம். கடைகளில் கிடைக்கும் வாசனை ஃப்ளோர் கிளீனர்கள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது. இது எளிதில் ஆவியாகாது. தண்ணீர் காய்ந்தபின் மெல்லிய படலமாகத் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். தினமும் துடைத்து, ஒருநாளும் வெறும் தண்ணீரால் அலசாவிட்டால் படலத்தின் மேல் படலம் சேரும். துடைத்த தரையில் கால் லேசாகப் பிசுபிசுத்தால், சீக்கிரமே தூசி படிந்தால், ஈரக்கையால் தேய்க்கும்போது வழுக்கினால், மருந்தோ சோப்போ அளவுக்கு மிஞ்சித் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படலம்தான் குழந்தையின் உள்ளங்கையிலும் முழங்காலிலும் ஏறுகிறது. மென்மையான தோலில் அது எரிச்சலைக் கொண்டுவரலாம்.

கனடாவில் பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் 757 குழந்தைகளைப் பற்றிய முடிவு 2018-ல் வெளியானது. கிருமிநாசினியை அடிக்கடி பயன்படுத்திய வீடுகளில், மூன்று நான்கு மாதக் குழந்தைகளின் குடலில் ஒருவகை பாக்டீரியாக்கள் கூடுதலாக இருந்தன. அந்தக் குழந்தைகள் மூன்று வயதில் சற்று அதிக எடையோடும் இருந்தார்கள். அதே குழுவைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2020-ல் வெளியான முடிவில், துப்புரவுப் பொருட்களை அதிகம் பயன்படுத்திய வீடுகளில் மூன்று வயதில் ஆஸ்துமாவும் இளைப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. வாசனை உள்ளவையும் ஸ்பிரே வகைகளும் அதில் முன்னால் நின்றன. இவை இரண்டும் சேர்ந்து நடப்பதைக் காட்டும் ஆய்வுகள். மருந்துதான் காரணம் என்று இவை நிரூபிக்கவில்லை. ஆனாலும் தினசரிப் பயன்பாட்டால் கிடைக்கும் லாபம் சில மணி நேரம்கூட நிற்காதபோது, இந்தச் சந்தேகமே போதுமான எச்சரிக்கை.

சோப்புத் தண்ணீரில் துடைக்கும் முறை

சோப்பு கிருமியைக் கொல்வதை நம்பி வேலை செய்வதில்லை. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தரையிலிருந்து கிளப்பித் தண்ணீரோடு சேர்த்துவிடும். கிருமிகளும் அதோடு போகும். ஆகவே அந்தத் தண்ணீர் வீட்டைவிட்டு வெளியேறினால்தான் பலன். ஒரே வாளித் தண்ணீரில் சமையலறை, ஹால், படுக்கையறை என்று முழு வீட்டையும் துடைத்தால், ஓர் அறையின் அழுக்கை இன்னொரு அறைக்குப் பூசுகிறோம். எந்தத் திரவம் ஊற்றினாலும் இந்தக் குறை தீராது.

முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். நுரை பொங்க வேண்டிய அவசியமில்லை. இன்னொன்றில் வெறும் தண்ணீர். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, அழுக்கை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டு, மறுபடி சோப்புத் தண்ணீருக்குப் போகலாம். குழந்தை அதிகம் புழங்கும் அறையை முதலில் துடையுங்கள், சமையலறையும் குளியலறை வாசலும் கடைசி. அலசும் தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள். முடித்தபின் குழந்தை தவழும் இடத்தை மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் இன்னொருமுறை துடைத்தால் சோப்பும் தங்காது. மாப்பையும் துணியையும் துவைத்து வெயிலில் காயவைப்பது இதில் பாதி வேலை. குளியலறை மூலையில் ஈரமாகக் கிடக்கும் மாப்பில் இரவு முழுக்கக் கிருமி பெருகும்.

வாளியில் சோப்புத் தூளையும் கிருமிநாசினியையும் சேர்த்துப் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. பென்சால்கோனியம் குளோரைடும் சோப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே செயலிழக்கும். காசுக்கும் கேடு, தரையிலும் படலம். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் துடைப்பது சம்பிரதாயமாக இருக்கட்டும். ஒரு கைப்பிடி உப்பு ஒரு வாளித் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லாது.

கிருமிநாசினி தேவைப்படும் நேரம்

குழந்தைக்கோ வீட்டில் மற்றவருக்கோ வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து தரையில் பட்டிருந்தால் சோப்பு மட்டும் போதாது. அரிவாள்மனையில் மீன் ஆய்ந்த இடம், கோழிக்கறி நீர் சொட்டிய இடம், மழையில் சாக்கடைத் தண்ணீர் புகுந்த வீடு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மருத்துவர் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொன்ன குழந்தை உள்ள வீட்டில் அவரிடமே கேட்டுச் செய்ய வேண்டும்.

பத்து மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, டயப்பரையும் மீறித் தரையில் வழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறங்கள். கையுறை போட்டு, பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். அடுத்து அந்த இடத்தை சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். மலம் ஒட்டியிருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றினால் அதன் பலம் மலத்திலேயே செலவாகிவிடும். பிறகுதான் மருந்து. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸை பென்சால்கோனியம் குளோரைடு அவ்வளவாக அசைக்காது, பிளீச் அழிக்கும். வழிந்த இடத்தையும் அதைச் சுற்றி ஓரடி அகலத்தையும் நனைத்து, ஃபேன் போடாமல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் இருமுறை துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் குழந்தையை இறக்கலாம். பிளீச்சோடு டாய்லெட் கிளீனரைக் கலக்கவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

பாட்டிலை வைக்கும் இடமும் இதே அளவு முக்கியம். தெருவில் லிட்டர் கணக்கில் விற்கும் ஃபினாயிலை குளிர்பான பாட்டிலில் வாங்கி வைப்பது மிகப் பெரிய ஆபத்து. வெள்ளை ஃபினாயில் தண்ணீரில் கலந்தால் பால் போலவே இருக்கும். துடைத்து முடித்த வாளியைக்கூட உடனே கொட்டிவிடுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி வரும்போது திரவம் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வாயைத் துடைத்துவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

கையில்தான் கவனம்

தரையை எப்போதும் கிருமியில்லாமல் வைத்திருக்க யாராலும் முடியாது. ஆனால் கிருமி வாய்க்குப் போகும் வழியை மறிக்க முடியும். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. கை கழுவ சோப்பும் கழுவும் முறையும் சொல்லித்தந்த வீடுகளில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும் சிலவற்றுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை.

ஆகவே, தரைக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியைக் கைகளுக்குக் கொடுங்கள். சாப்பாடு ஊட்டுமுன் குழந்தையின் இரு கைகளையும், ஊட்டுபவரின் கைகளையும், மலம் கழுவிவிட்டபின் கழுவிவிட்டவரின் கைகளையும் சோப்பால் கழுவ வேண்டும். செருப்பை வாசலோடு விட வேண்டும். இவற்றைத் தினமும் செய்யும் வீட்டில் சோப்புத் தண்ணீரால் துடைத்த தரையே போதும். கிருமிநாசினி பாட்டில் குழந்தைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில், தேவைப்படும் நாளுக்காக இருக்கட்டும்.