உண்ணிக் காய்ச்சலுக்கு ஓர் ஊசி: மருந்துக் குழு என்ன கேட்கும்?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போய்வரும் ஒருவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் நிற்கவில்லை என்றால், மருத்துவர் அவருடைய அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருகிய சிறு புண்ணைத் தேடுவார். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும் அது, புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம். ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்கிற உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. எல்லோருக்கும் அது இருக்காது. ரத்தப் பரிசோதனையும் முதல் வாரத்தில் ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால் சந்தேகம் வந்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். நாள் தவறி வந்தவர்கள்தான் சிக்கல். மூச்சுத் திணறலும் ரத்த அழுத்தச் சரிவுமாகக் கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் கடந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் வந்து சேர்பவர்கள் அவர்கள். இவர்களுக்காக டாக்ஸிசைக்ளின் ஊசியை மருத்துவமனையின் மருந்துப் பட்டியலில் சேர்க்கக் கோரி ஒரு பொது மருத்துவத் துறை விண்ணப்பித்தால், மருந்துக் குழு அதை எப்படி எடைபோடும்?

முதலில் ஆதாரம். இதில் உலகமே பார்க்கும் ஆய்வு நம் பக்கத்திலிருந்தே வந்தது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்த ‘இன்ட்ரஸ்ட்’ ஆய்வு, 2023 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட 794 பேரின் முடிவுகள் அதில் அலசப்பட்டன. ஒரு பிரிவினருக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவினருக்கு அசித்ரோமைசின், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் சேர்த்து. எல்லாமே ஏழு நாள் சிரை வழியாக. மரணம், ஏழாம் நாளிலும் விலகாத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 33 சதவீதம். தனி மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம்.

எண்ணைப் பார்த்ததும் கையெழுத்திடத் தோன்றும். அனுபவமுள்ள குழு இரண்டு இடங்களில் நிறுத்தும். 28 நாள் மரண விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, கூட்டு மருந்து உயிர்களைக் கூடுதலாகக் காப்பாற்றியது என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. சிக்கல்கள் சீக்கிரம் விலகின என்றுதான் எழுதலாம். இரண்டாவது, இந்த ஆய்வு மாத்திரையையும் ஊசியையும் ஒப்பிடவே இல்லை. ஒன்றைவிட இரண்டு மருந்து மேல் என்பதற்குத்தான் இது சான்று. ஊசிதான் வேண்டும் என்பதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும்: விழுங்க முடியாதவர், வாந்தி நிற்காதவர், அதிர்ச்சி நிலையில் குடல் மருந்தை உறிஞ்சுமா என்று நம்ப முடியாதவர். இந்த இரண்டு வாதங்களையும் குழப்பிக்கொள்ளும் விண்ணப்பம் திரும்பி வரும்.

அடுத்தது செலவு. உதாரணத்துக்கு ஒரு பருவத்தில் 40 கடும் நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என்றால் ஆளுக்கு ஏழு நாளில் 14 குப்பி, மொத்தம் 560. நாளுக்கு ஒன்றாக அசித்ரோமைசின் 280 குப்பி. முதல் நாள் கூடுதல் அளவு தனி. ஆய்வில் கண்ட வித்தியாசம் இங்கும் அப்படியே பலித்தால், 40 பேரில் சுமார் ஐந்து பேர் தேறாமல் கிடப்பதைத் தவிர்க்கலாம். அந்த ஐவரின் தீவிர சிகிச்சைப் படுக்கை நாட்களையும் வென்டிலேட்டர் நாட்களையும் குப்பிகளின் விலைக்கு எதிரே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒப்பந்த விலையில் கிடைத்தால் ஒரு கணக்கு. உள்ளூர்க் கொள்முதல் நிதியில் வாங்கினால் வேறு கணக்கு. மருந்து எந்த வழியில் வரும் என்பதை விண்ணப்பமே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பில் பெரும் அச்சம் இல்லை. பக்கவிளைவுகள் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆய்வின்போது இருந்த கண்காணிப்பு வார்டில் இருக்காது. டாக்ஸிசைக்ளினை அவசரமாக ஏற்றினால் சிரை வீங்கி வலிக்கும். நீர்க்கச் செய்து சுமார் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடும் என்பதால் முதலில் ஈ.சி.ஜி.யும் பொட்டாசியம் அளவும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் மட்டுமே வழக்கம்.

எனவே குழுவுக்கு நியாயமாகத் தோன்றும் முடிவு, நிபந்தனையோடு கூடிய ‘சரி’. குறைந்தது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்டவருக்கு மட்டும்; மூத்த மருத்துவரின் கையெழுத்தோடு; விழுங்கத் தொடங்கியதும் மாத்திரைக்கு மாற்றம். சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் இரட்டை ஊசி போகத் தொடங்கினால், மருந்தகப் பதிவேட்டில் குப்பிகளின் எண்ணிக்கை தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குத் தேவையான எண்ணிக்கையைத் தாண்டி ஓடும். ஒரு பருவம் முடிந்ததும் குழு முதலில் ஒப்பிட வேண்டியது அந்த இரண்டு எண்களைத்தான். பொருந்தவில்லை என்றால், அனுமதியைத் திரும்பப் பெறவும் அதே குழுவுக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.