டிஸ்க் போனது, லைசென்ஸும் போனது

கடைக் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதாகும்போது, கணக்கு மென்பொருளின் லைசென்ஸும் அதோடு போய்விடுவது உண்டு. மென்பொருள் காசு கொடுத்து வாங்கியது, பில்லும் கையில் இருக்கிறது. ஆனாலும் புது டிஸ்க்கில் நிறுவியதும் லைசென்ஸ் இல்லை என்கிறது திரை. அப்போது விற்ற நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, லைசென்ஸை மறுபடி வாங்க வேண்டும். சரியாக எழுதினால் ஒரே பதிலில் வேலை முடியும். அரைகுறையாக எழுதினால், கேள்வியும் பதிலுமாக ஒரு வாரம் ஓடிவிடும்.

லைசென்ஸ் ஏன் போகிறது? இவ்வகை மென்பொருள்கள் பல, முதன்முறை ஆக்டிவேட் செய்யும்போது அந்தக் கணினியின் அடையாளங்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்கின்றன. மதர்போர்டின் எண், நெட்வொர்க் கார்டின் எண், டிஸ்க்கின் எண் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மெஷின் கோடு உருவாகிறது. அந்தக் கோடுக்கு மட்டும் பொருந்தும் சாவியை நிறுவனம் தருகிறது. டிஸ்க் மாறினால் கோடு மாறும், பழைய சாவி பொருந்தாது. சில மென்பொருள்கள் டிஸ்க்கின் தொழிற்சாலை எண்ணைப் பார்க்காமல், ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் இடும் எட்டு இலக்க எண்ணைப் பார்க்கின்றன. அங்கே டிஸ்க்கை மாற்றக்கூட வேண்டாம், அதே டிஸ்க்கை ஃபார்மட் செய்தாலே லைசென்ஸ் அறுந்துவிடும். அந்த எண்ணைப் பார்க்க, கமாண்டு திரையில் இப்படி அடித்தால் போதும்:

```
vol C:
```

கணினியை மாற்ற நினைப்பவர், பழைய கணினியிலேயே லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்வதுதான் வழக்கமான முறை. செத்துப்போன டிஸ்க்கில் அதற்கு வழியில்லை. நிறுவனத்தின் பதிவேட்டிலோ பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. மின்னஞ்சலைப் படிக்கும் ஊழியரின் சந்தேகமும் இதுதான்: டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது ஒரு லைசென்ஸை இரண்டு கணினிகளில் ஓட்டப் பார்க்கிறார்களா? கடிதம் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர்களின் கடிதங்கள் பெரும்பாலும் கோபத்தையோ அவசரத்தையோ சொல்கின்றன, இதைச் சொல்வதில்லை.

எழுதுவதற்கு முன் கணினி வேலை முழுதும் முடிந்திருக்க வேண்டும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போய் அதனால் டிஸ்க் போயிருந்தால், முதலில் அதை மாற்ற வேண்டும். மதர்போர்டும் சந்தேகத்தில் இருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. புது லைசென்ஸ் வந்த பிறகு மதர்போர்டு மாறினால் இதே கடிதத்தை மறுபடி எழுத நேரும், இரண்டாம் முறை கேட்பவரை எந்த நிறுவனமும் சற்று உற்றுப் பார்க்கும். எல்லாம் முடிந்தபின் மென்பொருளை அதே பதிப்பில் நிறுவி, திரையில் வரும் புது மெஷின் கோடைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யூஎஸ்பி வைஃபை போன்றவை செருகியிருந்தால் அவற்றின் எண்ணும் கோடில் கலந்துவிடக்கூடும், கழற்றிவைப்பது பாதுகாப்பு.

ஒரு பெயின்ட் கடையிலிருந்து போகும் கடிதம் இப்படி இருக்கலாம்:

பொருள்: டிஸ்க் பழுது, லைசென்ஸ் மறுவெளியீடு வேண்டி. வரிசை எண் …4417

“வணக்கம். 2022 ஜூனில் வாங்கிய உங்கள் கணக்கு மென்பொருளின் ஒற்றைப் பயனர் லைசென்ஸை எங்கள் கடையில் பயன்படுத்தி வருகிறோம். கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், முழு வரிசை எண் ஆகியவை கீழே உள்ளன. பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுகிறேன். மார்ச் 4 அன்று கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானது. பயாஸ் திரையிலேயே டிஸ்க் தெரியாததால் லைசென்ஸை சரண்டர் செய்ய முடியவில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றியிருக்கிறோம், மதர்போர்டும் நெட்வொர்க் கார்டும் பழையவையே. அதே பதிப்பை மறுபடி நிறுவியிருக்கிறோம், புது மெஷின் கோடு காட்டும் திரைப்படத்தை இணைத்துள்ளேன். பழைய ஆக்டிவேஷனை ரத்து செய்து புதியதை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். பழைய டிஸ்க்கை மீட்க முடிந்தாலும் தரவை மட்டும் எடுப்போம், மென்பொருளை அதில் இயக்க மாட்டோம். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். இணைப்பு: வாங்கிய பில், சர்வீஸ் சென்டர் குறிப்பு, திரைப்படம்.”

இந்தக் கடிதத்தின் பலம் அதன் நடுவில் இருக்கிறது. மதர்போர்டும் நெட்வொர்க் கார்டும் மாறவில்லை என்ற வரியை ஊழியர் தம்மிடம் உள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதே கணினிதான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பழைய ஆக்டிவேஷனை ரத்து செய்யச் சொல்வதும் முக்கியம். ‘இன்னொரு சாவி தாருங்கள்’ என்று கேட்டால் இரண்டாவது லைசென்ஸ் கேட்பதுபோல் ஆகிவிடும். கடைசித் தேதியை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னதால், வரிசையில் நிற்கும் மற்றக் கடிதங்களுக்கு முன்னால் இது எடுக்கப்படவும் வாய்ப்புண்டு. வங்கிக் கார்டு எண், ஓடிபி, ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு ஆகியவற்றுக்கு இதில் வேலையே இல்லை. பதில் கடிதத்தில் யாராவது அவற்றைக் கேட்டால், அது நிறுவனத்திலிருந்து வந்த கடிதம்தானா என்று பார்க்க வேண்டும்.

பல கடைகள் சிக்கிக்கொள்வது இன்னோரிடத்தில். மென்பொருளை விற்று நிறுவிக்கொடுத்த உள்ளூர் டீலர், அவசரத்தில் தம்முடைய மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ பதிவு செய்திருப்பார். சில கடைகளில் வேலையை விட்டுப்போன கணக்கரின் முகவரி இருக்கும். நிறுவனத்தின் பார்வையில் அந்த முகவரிக்காரர்தான் உரிமையாளர், கடைக்காரர் யாரோ. டீலர் கிடைத்தால் அவர் வழியாகவே கேட்பது எளிது. கிடைக்காவிட்டால், கடையின் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட வாங்கிய பில்லோடு, கடையின் லெட்டர்ஹெட்டில் முத்திரையிட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் சேர்த்து, பதிவு முகவரியை மாற்றித்தரும்படியும் கேட்க வேண்டும். பில்லையே டீலர் தன் பெயரில் போட்டிருந்தால், கடைக்காரருக்கு நிரூபிக்க ஒன்றுமில்லை. மென்பொருள் வாங்கும் நாளிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கும்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலை இழப்பு, சேதம் ஆகியவற்றிலிருந்து காக்கத் தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுத்துவைக்க அனுமதிக்கிறது. ஆனால் பிரதி இருந்தாலும் சாவி இல்லாமல் அது திறக்காது. சாவியை மறுபடி தருவது, நிறுவும்போது படிக்காமலே ‘சம்மதம்’ அழுத்திய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இலவசமாகவா, கட்டணத்துக்கா, எத்தனை முறை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பதில் வரும்வரை கடையைப் பூட்ட முடியாது. லைசென்ஸ் இல்லாமலும் சில மென்பொருள்கள் ஓரளவு இயங்கும். டேலியின் கல்விப் பயன்முறையில் மாதத்தின் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டுமே பதிவு போட முடியும், அன்றாட வியாபாரத்துக்கு அது உதவாது. கையெழுத்து பில்புத்தகம்தான் வழி. அதற்குத் தனி வரிசை எண் வைக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கின்றன, ஆனால் ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரு பில்களில் வரக்கூடாது.

புது சாவி வந்து மென்பொருள் திறந்தாலும் கணக்கு திரும்பி வராது. சாவி நிறுவனத்தின் கையில் இருந்தது, கணக்கோ போன டிஸ்க்கில் இருந்தது. பென்டிரைவிலோ வேறெங்கோ பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்கலாம். இல்லாவிட்டால் டிஸ்க்கை மீட்பு நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும், அங்கே கொடுக்கும்வரை அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி தளத்திலிருந்து, பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்டுத் தாக்கல் செய்த பில்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சில்லறை விற்பனையின் ஒவ்வொரு பில்லும், சரக்கிருப்பும், யார் எவ்வளவு பாக்கி என்ற பேரேடும் அங்கே இருக்காது.