எழுதியபோது தெரிந்த வட்டிக் கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் இருசக்கர வாகனம் வாங்கக் கடன் பெற முடிவு செய்தான். ஒரு லட்சம் ரூபாய் கடன், ஓராண்டுத் தவணை, ஆண்டுக்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டி. அதாவது வட்டி 12,000 ரூபாய். அசலுடன் சேர்த்து 1,12,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். 'இது உண்மையில் ஏறத்தாழ இரு மடங்கு வட்டி' என்றேன். 'எப்படி மாமா?' என்று கேட்டான்.

நான் வணிகவியல் படித்தவன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுபவன். ஆயினும் அந்த 'எப்படி'க்கு என்னிடம் விடை இல்லை. 'இரு மடங்கு' என்பது தொழிலில் யாரோ சொல்லிக் கேட்டு, நான் திருப்பிச் சொல்லிவந்த வாக்கு, அவ்வளவே.

அப்போது நான் ஒரு வலைப்பூ தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதில் மூன்று கட்டுரைகள் இருந்தன. கூட்டு வட்டி என்றால் என்ன, தேய்மானம் என்றால் என்ன என்று பாடநூல் விளக்கங்களைத் திரட்டித் தந்தவை. அவற்றை எவரும் படிக்கவில்லை. எழுதிய நானும் அவற்றிலிருந்து எதையும் கற்கவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதினால் இப்படித்தான் ஆகும் போலும். நான்காவது கட்டுரைக்கு மருமகனின் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். ஒரே மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்த அக்கட்டுரைக்கு ஒன்பது நாள்கள் ஆயின.

தடங்கல் 'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் வந்தது. பேசும்போது அச்சொல்லை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எழுதும்போதோ, அடுத்த வரியில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. யோசித்தேன். கடன் வாங்கியவர் மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார். அசல் சம பாகங்களாகக் குறைகிறது என்று கொண்டால், முதல் மாதம் அவர் கையில் இருப்பது ஒரு லட்சம். கடைசி மாதம் 8,333 ரூபாய் மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் சராசரி 54,167 ரூபாய். அத்தொகையைப் பயன்படுத்தியதற்குத்தான் 12,000 ரூபாய் வட்டி. கணக்கிட்டால் 22.15 சதவீதம். இரு மடங்கு இல்லை. ஆனால் நெருங்கி வருகிறது. ஒவ்வொரு படியையும் தொகையுடன் எழுதி, நிறைவோடு வெளியிட்டேன்.

நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு பின்னூட்டம் வந்தது. 'உங்கள் முறைப்படி மூன்றாண்டுக் கடனுக்கு 23.35 சதவீதம் வருகிறது. எக்செல் 21.2 என்கிறது. எது சரி?' அவ்வளவுதான், பாராட்டுமில்லை, வசையுமில்லை. நானும் கணினியில் இட்டுப் பார்த்தேன்.

```
=RATE(12,-9333.33,100000)*12
=RATE(36,-3777.78,100000)*12
```

ஓராண்டுக்கு 21.46 சதவீதமும், மூன்றாண்டுக்கு 21.2 சதவீதமும் வந்தன. என் கணக்கு இரண்டிலும் பிழை. தவணைக் காலம் நீண்டால் பிழையும் பெருகுகிறது. முதல் கட்டுரையில் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் என் கண்ணுக்கே அது தட்டுப்படவில்லை.

காரணம் தேடி, தாளை எடுத்து மாதவாரியாகப் பட்டியலிட்டேன். மாத வட்டி விகிதம் 1.788 சதவீதம். முதல் மாதம் முழு லட்சத்துக்கும் வட்டி 1,788 ரூபாய். கட்டும் 9,333 ரூபாயில் எஞ்சும் 7,545 ரூபாய்தான் அசலில் கழிகிறது. நான் எண்ணியிருந்த 8,333 ரூபாய் கழிவதில்லை. தொடக்க மாதங்களில் அசல் மெதுவாகவும், இறுதி மாதங்களில் விரைவாகவும் குறைகிறது. எனவே கடன்பட்டவர் கையில் இருக்கும் சராசரித் தொகை 54,167 அல்ல. ஏறக்குறைய 55,900 ரூபாய். அதே வட்டி சற்றுக் கூடுதலான தொகைக்குப் பரவுவதால் விகிதம் சற்றுக் குறைகிறது. மூன்றாண்டுக் கடனில் இந்த வேறுபாடு இன்னும் அதிகமாகிறது. 'அசல் சம பாகங்களாகக் குறைகிறது என்று கொண்டால்' என்று நானே எழுதிய வரியில்தான் பிழை ஒளிந்திருந்தது. அந்த வரியை எழுதாமல் விடையை மட்டும் தந்திருந்தால், அந்த வாசகர் தவறு என்று சொல்லியிருக்கலாம். எங்கே தவறு என்பதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

திருத்துவது எப்படி என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கணக்குப் பிரிவில் இருப்பவன் வட்டியைத் தவறாகப் போட்டான் என்பது பெருமைக்குரிய செய்தியன்று. பழைய கட்டுரையை நீக்கிவிடலாமா என்றுகூட எண்ணினேன். முடிவில் பழைய பத்திகளை அப்படியே விட்டு, மேலே தேதியிட்டுத் திருத்தக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தேன். பின்னூட்டமிட்டவருக்கு நன்றி சொல்லி, மாதவாரிப் பட்டியலையும் கீழே தந்தேன்.

ஓராண்டு கழிந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பினார். குழுவினர் பலர் ஃப்ளாட் வட்டிக்கும் குறையும் நிலுவை மீதான வட்டிக்கும் வேறுபாடு தெரியாமல் கையெழுத்திடுவதாகவும், அரைநாள் வகுப்பெடுக்க இயலுமா என்றும் கேட்டிருந்தார். என்னை ஏன் தேர்ந்தீர்கள் என்று பின்னர் அவரிடம் கேட்டேன். 'திருத்தத்தை மறைக்காமல் வைத்திருந்தீர்களே, ஐயா. பெண்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று தடுமாறியவருக்குத்தானே தெரியும்' என்றார். அந்த வகுப்பு நான்கு ஊர்களுக்குச் சென்றது. அதன் தொடர்ச்சியாக ஒரு பயிற்சி நிறுவனம் கடன் பத்திரங்களைப் படிக்கும் முறை பற்றிப் பாடம் எழுதித் தரக் கேட்டது, ஊதியமும் தந்தது.

எழுதி வைத்த குறிப்பு இப்படித் தாமதமாகப் பயன் தருவது புதிதன்று. புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே 1812-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். உடனே வேலை கிடைத்துவிடவில்லை. அடுத்த ஆண்டு ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையில் ஈடுபட்டு நீக்கப்பட்டபோதுதான், டேவி அவரை அழைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் எழுதிவிடவும் முடியாது. என் பணியிடத்தின் வாடிக்கையாளர் கணக்கு எதையும் நான் உதாரணமாகக்கூட எடுத்ததில்லை. வகுப்பெடுக்கும் முன் மேலாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றேன். அரசு ஊழியர்களாயின் நடத்தை விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசகர்களும் எப்போதும் வருவதில்லை. இந்த மூன்றாண்டுகளில் நாற்பது கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பயனுள்ள பின்னூட்டம் வந்தவை ஆறோ ஏழோ இருக்கும். அவை அனைத்தும், வேறொருவர் போட்டுப் பார்க்கக்கூடிய எண்கள் இருந்த கட்டுரைகள்.

2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு, ஆண்டு வட்டி விகிதத்தை எல்லாச் செலவுகளும் சேர்த்துக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. இனி இக்கட்டுரைக்குத் தேவையிருக்காது என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம் ஒருவர் கேட்டார்: 'முதல் தவணையைக் கடன் தரும்போதே பிடித்துக்கொண்டால்?' கையில் வருவது 90,667 ரூபாய். கட்ட வேண்டியவை இன்னும் பதினொரு தவணைகள். போட்டுப் பார்த்தேன், 21.46 சதவீதம் 25.6 சதவீதமாகிவிடுகிறது. ஒரே ஒரு தவணைக்கு ஏன் இத்தனை ஏற்றம் என்பதை எண்களின்றி எளிமையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கட்டுரை பாதியில் நிற்கிறது.