வெள்ளியும் ஞாயிறும் சொல்லாத கணக்கு

பிரியாணிக் கடை நடத்துபவருக்குக் கிழமைகளின் குணம் நன்றாகத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் அசைவம் கிடையாது. ஞாயிறு என்றால் காலையிலேயே ஆர்டர் வரத் தொடங்கிவிடும். அதற்கேற்பத்தான் அவர் அரிசி ஊறப் போடுகிறார், கறி வாங்குகிறார். ஆனால் அன்றாட ஆர்டர் எண்ணிக்கையை வைத்து வியாபாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும்போது மட்டும் அதே கிழமைகள் அவரை ஏமாற்றிவிடுகின்றன. விலையை ஏற்றினோம், விளம்பரம் செய்தோம், புது மாஸ்டரைச் சேர்த்தோம். இவற்றால் என்ன மாறியது என்பதைக் கிழமையின் ஏற்ற இறக்கம் மூடி மறைத்துவிடுகிறது.

அந்த மறைப்பை நீக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ஏழு நாள் நகரும் சராசரி என்று பெயர். இன்றையும் சேர்த்து, கடந்த ஏழு நாட்களின் ஆர்டர்களைக் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். நாளைக்கு நாளைய எண்ணைச் சேர்த்து, பழைய ஏழில் முதல் நாளைக் கழித்துவிட வேண்டும். கொரோனா காலத்தில் பல நாடுகளில் வார இறுதியில் தொற்றுப் பதிவு குறைந்து, பிறகு ஏறியதால், செய்திகளில் பலரும் பார்த்தது இந்தச் சராசரியைத்தான்.

ஐந்து நாளோ பத்து நாளோ எடுத்தால் இந்த வேலை நடக்காது. ஐந்து நாள் சராசரியில் சில நேரம் ஞாயிறு இருக்கும், சில நேரம் இருக்காது. பத்து நாளில் சில நேரம் இரண்டு ஞாயிறுகள் வந்துவிடும். எங்கிருந்து எண்ணினாலும் ஒவ்வொரு கிழமையும் சரியாக ஒரு முறை வருவது ஏழு நாளில்தான். (பதினான்கில் சரியாக இரண்டு முறை வரும், ஆனால் அது இன்னும் மெதுவாக நகரும்.)

ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நான் அமைத்த எண்கள் இவை. ஒரு வாரத்தில் திங்கள் 80, செவ்வாய் 60, புதன் 90, வியாழன் 84, வெள்ளி 56, சனி 100, ஞாயிறு 160 ஆர்டர்கள். மொத்தம் 630, சராசரி நாளுக்கு 90. அடுத்த வாரம் திங்கள் 82, செவ்வாய் 59, புதன் 89. சராசரி அதே 90-இல் நிற்கிறது. வியாழக்கிழமை காலை பிரியாணி விலையை 180 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக ஏற்றுகிறார்கள்.

வியாழன் 77 ஆர்டர். வெள்ளி 49. கடைக்காரருக்குத் திக்கென்கிறது, விலையைப் பழையபடி குறைத்துவிடலாமா என்று யோசிக்கிறார். சனிக்கிழமை 93 வருகிறது. ஞாயிறு 153. இப்போது, விலை ஏற்றத்தை யாரும் பொருட்படுத்தவில்லை, இன்னும் பத்து ரூபாய் கூட்டலாம் என்று தோன்றுகிறது. இரண்டு முடிவுமே தவறு. வெள்ளி இறங்கியதிலும் ஞாயிறு ஏறியதிலும் பெரும்பங்கு கிழமையுடையது.

சராசரியைப் பாருங்கள். புதனன்று 90. வியாழன் 89, வெள்ளி 88, சனி 87, ஞாயிறு 86. ஞாயிறன்று கடையில் கூட்டம் நெரிந்தபோதும் சராசரி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. காரணம் எளிது. ஞாயிறு உள்ளே வரும்போது வெளியே போவது போன ஞாயிறு. உள்ளே வந்தது 153, வெளியே போனது 160. வித்தியாசம் 7, அதை ஏழால் வகுத்தால் 1. இன்றைய எண்ணிக்கை போன வாரம் இதே கிழமையைவிடக் கூடினால் மட்டுமே சராசரி ஏறும், குறைந்தால் இறங்கும். நேற்றைய எண்ணுக்கு அதில் வேலையே இல்லை.

அதற்கடுத்த திங்கள் 75, செவ்வாய் 52, புதன் 82. சராசரி 85, 84, 83 என்று இறங்கியது. வியாழன் மறுபடி 77 வந்ததும் 83-லேயே நின்றுவிட்டது. விலை ஏற்றத்தின் விளைவு இதுதான்: நாளுக்கு 90 ஆர்டர் 83 ஆனது. ஆர்டருக்கு ஒரு பிரியாணி என்று கொண்டால், முன்பு நாளொன்றுக்கு 16,200 ரூபாய், இப்போது 16,600 ரூபாய். ஏழு பிரியாணிக்கான அரிசியும் கறியும் மிச்சம். விலையைக் குறைக்க வேண்டியதில்லை. மேலும் ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இந்த விடை கிடைக்க ஒரு வாரம் முழுதாக ஆனதையும் கவனிக்க வேண்டும். மாற்றம் ஒரே நாளில் நடந்தாலும் சராசரி அதை ஏழு நாளில் தவணை முறையில்தான் காட்டும். வெள்ளிக்கிழமை சராசரி 88 என்பதைப் பார்த்து, இரண்டே ஆர்டர்தான் குறைந்தது என்று நினைத்தால் அதுவும் பிழை. இடையில் அவசரமாகத் தெரிய வேண்டுமானால், போன வாரத்து அதே கிழமையோடு நேரடியாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

விரிதாளில் இதற்கு ஒரு வரி போதும். B பத்தியில் இரண்டாம் வரிசையிலிருந்து ஒவ்வொரு நாளின் ஆர்டரும் இருந்தால், ஏழாவது நாளுக்கு நேரே C8 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட வேண்டும்:

```
=AVERAGE(B2:B8)
```

கடை ஒரு நாள் மூடியிருந்தால்தான் சிக்கல். ஒரு ஞாயிறு மூடினீர்கள் என்றால், கட்டத்தை வெறுமையாக விட்டால் மற்ற ஆறு நாட்களின் சராசரி 71 என்று வரும். சுழியம் போட்டால் 61 என்று வரும். இரண்டிலும் ஞாயிறு விடுபட்டுப்போவதால் வியாபாரம் சரிந்ததுபோலத் தெரியும். சராசரிக்காக மட்டும் போன ஞாயிற்றின் எண்ணை அங்கே வைத்து, அது நிரப்பிய எண் என்று பக்கத்தில் குறித்துவைப்பது நல்லது.

இதற்கு நேர்மாறானது புத்தாண்டு இரவு. 82 ஆர்டர் வரும் ஒரு புதன்கிழமையில் அன்று 222 வந்தால், சராசரி 83-லிருந்து 103-க்குத் தாவும். அடுத்த ஆறு நாளும் அங்கேயே நிற்கும். அடுத்த புதன் வழக்கம்போல 82 வந்ததும் 83-க்கு விழும். அந்தப் புதன்கிழமை கடையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பழைய புத்தாண்டுக் கூட்டம் கணக்கைவிட்டு வெளியேறியது, அவ்வளவுதான். சராசரி திடீரென்று தாவினாலோ விழுந்தாலோ, இன்றைய எண்ணோடு ஏழு நாளுக்கு முந்தைய எண்ணையும் பார்த்துவிட வேண்டும்.

ஏழு நாள் சராசரி நீக்குவது கிழமையின் தாக்கத்தை மட்டும்தான். மாதத் தொடக்கத்தில் சம்பளம் வந்ததும் ஆர்டர் கூடுவது அதில் அப்படியே தெரியும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் அசைவம் குறைவதும் தெரியும். அந்தச் சரிவைப் போன ஆவணியோடு ஒப்பிட்டால் பயம்தான் வரும். போன ஆண்டுப் புரட்டாசியின் சராசரியோடு ஒப்பிட்டால்தான் நிலவரம் புரியும். ஒரு சராசரியைக் கையில் எடுத்ததும் எந்தக் காலத்தோடு எந்தக் காலத்தை ஒப்பிடுகிறோம் என்று கேட்டுக்கொள்பவருக்கு, விலையையும் சரக்கையும் பற்றிய முடிவுகள் ஒரு வெள்ளிக்கிழமையின் மந்தத்தை நம்பி இருக்காது.