அந்த ஒரு ரூம் மட்டும் பூட்டியிருக்கும்

வீடு பார்க்கப் போகும்போது ஹாலைக் காட்டுவார்கள், சமையலறையைக் காட்டுவார்கள், மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூடக் காட்டுவார்கள். கடைசியில் பூட்டுப் போட்ட கதவு ஒன்று வரும். "அதுல நம்ம பழைய சாமான் கொஞ்சம் கிடக்கு. ஒரு வாரத்துல எடுத்துடுவோம்" என்பார் ஹவுஸ் ஓனர். மடிப்பாக்கத்தில் நாங்கள் பார்த்த வீட்டிலும் அதே வசனம். மூன்று படுக்கையறை வீடு, வாடகை 21,000. திறந்திருந்தவை இரண்டு.

"டோக்கன் குடுத்துடுங்க, சாவி அப்புறம் தேடிக்கலாம்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினார். டோக்கன் கைமாறிவிட்டால் அந்த ஒரு வாரம் ஒரு வருஷமாகிவிடும். காலி செய்யச் சொல்லிக் கேட்க நமக்கு வலு இருப்பது பணம் நம் பையில் இருக்கும் வரைதான். "சார், திறந்து ஒரு தடவை பார்த்துடறோமே" என்றேன். அவர் முகம் சுளித்தாலும் சாவியைத் தேடி எடுத்தார்.

உள்ளே கழற்றிய கட்டில் சட்டங்கள், கதவு தொங்கிய மர பீரோ, சுருட்டிக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தை, கால் மிஷின், ஒரு செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, கூரையைத் தொடுமளவு செய்தித்தாள் கட்டுகள். இவை இடத்தை அடைப்பது சின்னத் தொல்லைதான். பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து நிலைச்சட்டம் வரை பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கரையான். சட்டத்தை விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் சத்தம். கரையான் பூட்டை மதிக்காது. சுவர் ஓரமாகவே அடுத்த அறையில் இருக்கும் நம் புத்தக அலமாரிக்கு வந்துவிடும். பழைய மெத்தையின் தையல் ஓரங்களில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. பேட்டரியில் இருப்பது அமிலம்; கசிந்தால் தரையை அரிக்கும், குழந்தை இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

செய்தித்தாள் கட்டுகளை நகர்த்தியபோது சுவர் ஈரம். அந்தப் பக்கம் குளியலறை, ஏதோ குழாய் கசிகிறது. அறை பூட்டியே கிடந்திருந்தால் காலி செய்யும் நாளில்தான் இது தெரிந்திருக்கும். ரிப்பேர் செலவை அட்வான்ஸில் பிடிப்பதா என்ற சண்டையும் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கும்.

ஓனரிடம் கோபமாகப் பேசவில்லை. சாமானைத் தூக்கிப் போட முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. அது அவருடைய அம்மாவின் கால் மிஷின். வீட்டுக்குப் போனதும் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன்: "சார், மூணாவது ரூமை 25ஆம் தேதிக்குள்ள காலி பண்ணி, கரையான் மருந்து அடிச்சு, குழாய்க் கசிவையும் சரி பண்ணிக் கொடுத்தா 1ஆம் தேதி குடிவர்றோம். அட்வான்ஸ் அன்னிக்கே தர்றோம். உங்களுக்குச் சம்மதமா?" பேச்சில் சொன்னதை இப்படித் தேதியோடு எழுத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். 'சரி' என்ற ஒரு சொல் பதில் போதும்.

காலி செய்வது நினைத்த அளவு கஷ்டமில்லை. இரும்பையும் பேப்பரையும் காயலான் கடைக்காரர் காசு கொடுத்தே எடுத்துக்கொண்டார். பேட்டரியைப் புது பேட்டரி விற்கும் கடை வாங்கிக்கொண்டது. மெத்தையும் உளுத்த மரமும் ஒரு குட்டி யானையில் போயின. கரையான் மருந்துக்காரர்கள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை இறக்கினார்கள். அறை காலியாக இருந்தால்தான் அந்த வேலை உருப்படியாக நடக்கும், அதனால் சாமான் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஓனர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்? அப்போது அந்த அறைக்கு வாடகை கொடுக்காதீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அந்தத் தெருவில் என்ன வாடகையோ அதைப் பேசுங்கள். பூட்டிய அறை வாடகையில் சேராது, உள்ளே இருக்கும் சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதற்குமுன் மின்சார மெயின் சுவிட்சோ தண்ணீர் வால்வோ அந்த அறைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, சாமான் எடுக்க அவர் நம் ஹால் வழியாகத்தான் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வீட்டுக்குள் வர அவர் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

எங்கள் ஓனர் கால் மிஷினை மட்டும் கொடுக்க மனசில்லாமல் நின்றார். பரணில் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். போட்டோ எடுத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஓனருடைய பொருள்: கால் தையல் மிஷின் 1' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாமான் போன பிறகு அளந்து பார்த்தேன்: பத்துக்குப் பதினொன்று, கிழக்கே ஒரு ஜன்னல்.